ஏறினால் கேள்வியா, இறங்கினால் பதிலா?

1970களின் நடுப்பகுதி. பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றில் ஊழியர்களுக்கான உணவகம். அங்கே பரிமாறும் வேலைக்கு இந்தியா, பாகிஸ்தான் நாடுகளிலிருந்து குடியேறிய பெண்களைப் புதிதாக எடுத்திருந்தார்கள். கொஞ்ச நாளிலேயே புகார் கிளம்பியது. இந்தப் பெண்கள் சிடுசிடுப்பாக இருக்கிறார்கள், ஒத்துப்போவதில்லை என்று மேற்பார்வையாளர்களும், சாப்பிட வந்த சரக்குப் பிரிவுத் தொழிலாளர்களும் சொன்னார்கள். பெண்களுக்கோ தங்களை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்ற மனத்தாங்கல்.

அமெரிக்காவின் பெர்க்லியில் பணியாற்றிய மொழியியல் அறிஞர் ஜான் கம்பர்ஸ் அந்த இடத்தின் பேச்சைக் கவனித்தார். ஆச்சரியம் என்னவென்றால், இரு தரப்பும் பேசிக்கொண்டதே மிகக் குறைவு. இறைச்சி வாங்குபவரிடம் மேலே குழம்பு ஊற்றவா என்று கேட்க வேண்டும். அதற்கு ஒரே சொல்: "கிரேவி." ஆங்கிலேயப் பணியாளர் இந்தச் சொல்லின் கடைசியில் குரலை உயர்த்துவார். புதிதாக வந்த பெண்கள் தாழ்த்துவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏறி முடிந்த "கிரேவி" ஆங்கிலேயரின் காதில் 'குழம்பு வேண்டுமா?' என்று விழுந்தது. இறங்கி முடிந்த "கிரேவி" விழுந்த விதம் வேறு: 'இது குழம்பு, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.' தட்டில் இருப்பது குழம்பு என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததையே ஒருத்தி அறிவிப்பு மாதிரிச் சொன்னால் அது அலட்சியமாகத்தானே படும்?

கம்பர்ஸ் இந்தப் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிந்து, இரு தரப்புக்கும் போட்டுக் காட்டினார். முதலில் பெண்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. இரண்டும் ஒரே சொல்தானே என்றார்கள். மேற்பார்வையாளரும் ஆங்கில ஆசிரியரும் இறங்கு குரலைச் சுட்டிக்காட்டி, இது எங்கள் காதுக்கு முரட்டுத்தனமாகக் கேட்கிறது என்று விளக்கினார்கள். பெண்கள் தங்கள் பங்குக்கு, இப்படிப்பட்ட இடத்தில் எங்கள் ஊரில் கேட்கும் முறையே இதுதான், இதில் எந்த அலட்சியமும் இல்லை என்றார்கள். தங்கள் மேல் ஏன் அத்தனை எரிச்சல் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. மேற்பார்வையாளர்களுக்கும் தாங்கள் படித்த 'குணம்' வெறும் பேச்சு வழக்கம் என்று தெரிந்தது. கம்பர்ஸ் 1982இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்தார். மொழியியல் வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் நிகழ்ச்சி இது.

நமக்கு அந்தப் பெண்களின் பக்கம் உடனே புரியும். கல்யாணப் பந்தியில் வாளியோடு வருபவர் "சாம்பார்… சாம்பார்…" என்று ஒரே மட்டத்தில், அல்லது கடைசியில் இறக்கித்தான் சொல்லிக்கொண்டு போகிறார். ஒவ்வோர் இலை முன்னும் நின்று "சாம்பார்?" என்று குரலை ஏற்றுவதில்லை. யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை. வேண்டாதவர் இலைமேல் கையை நீட்டுகிறார், அவர் நகர்ந்துவிடுகிறார்.

குரல் ஏன் ஏறுகிறது

குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றின் வழியே வெளியேறும்போது அவை அதிர்கின்றன. ஆண்களின் சாதாரணப் பேச்சில் நொடிக்கு நூறு, நூற்றிருபது முறை. பெண்களுக்குச் சுமார் 200. மடிப்புகளைத் தசைகள் இழுத்து நீட்டினால் அதிர்வு கூடி, குரல் ஏறும். தளர்த்தினால் இறங்கும். சத்தத்தின் அளவு வேறு விஷயம். மெதுவாகப் பேசும்போதும் குரலை ஏற்றலாம், கத்தும்போதும் இறக்கலாம்.

ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது மூச்சுக்கு அழுத்தம் அதிகம். போகப்போக அது குறைய, குரலும் தானாகக் கீழே வருகிறது. அதனால்தான் இறங்கிய குரல் 'சொல்லி முடித்தேன்' என்பதற்கும், ஏறிய குரல் 'இன்னும் முடியவில்லை' என்பதற்கும் இயல்பான அடையாளமாகிவிட்டன. கேள்வி என்பதே முடியாத பேச்சு. பாதியை நான் சொல்கிறேன், மீதியை நீ நிரப்ப வேண்டும்.

பெர்க்லியில் ஒலியியல் ஆய்வாளராக இருந்த ஜான் ஒஹாலா 1980களில் இன்னொரு காரணம் சொன்னார். பெரிய உடம்புக்குக் கனத்த குரல், சிறிய உடம்புக்குக் கீச்சுக் குரல். அதனால் மிரட்டும் விலங்கு உறுமுகிறது, பணியும் விலங்கு கீச்சிடுகிறது. மனிதக் குரலிலும் தாழ்ந்தது உறுதியையும் அதிகாரத்தையும், உயர்ந்தது பணிவையும் எதிர்பார்ப்பையும் குறிப்பது இதன் தொடர்ச்சிதான் என்பது அவர் வாதம். கேட்பவன் தெரிந்தவனை நம்பி நிற்பவன், அதனால் அவன் குரல் உயர்கிறது.

இரண்டு விளக்கங்களும் ஒரு சாய்வைத்தான் சொல்கின்றன. இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகர ஆங்கிலத்தில் சாதாரணச் செய்தி வாக்கியமே ஏறித்தான் முடியும். லண்டன்காரர் காதில் அது ஓயாமல் கேள்வி கேட்பதுபோல் ஒலிக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் இளையவர் பேச்சிலும் செய்தி வாக்கியம் பல நேரம் ஏறி முடிகிறது. சொல்வதில் நம்பிக்கை இல்லாததால்தான் இப்படி என்று பலர் நினைத்தார்கள். கவனித்துக் கேட்டவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. கதை சொல்லும்போது 'கேட்டுக்கொண்டிருக்கிறாய்தானே?' என்று எதிராளியைக் கூடவே இழுத்துப் போகவும் அந்த ஏற்றம் பயன்படுகிறது.

தமிழின் கையில் ஓர் 'ஆ'

ஆங்கிலத்தில் "கிரேவி" என்ற ஒற்றைச் சொல்லைக் கேள்வியாக்க ராகத்தைத் தவிர வேறு கருவி இல்லை. தமிழில் இருக்கிறது. "மாமா வருவாரு" என்பதோடு ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் "மாமா வருவாரா" ஆகிவிடுகிறது. அந்த 'ஆ'வில் குரல் பொதுவாக எழும். ஆனால் எழாவிட்டாலும் கேள்வி கேள்விதான். "நேத்து ராத்திரி அந்தப் பக்கம் போனியா" என்று விசாரிக்கும் காவலர் ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி, கடைசியில் குரலை இறக்கி வைப்பார். கேட்கப்பட்டவர் அதைச் செய்தி என்று நினைத்துவிடுவதில்லை. இது விசாரணை, இங்கே கேள்வி கேட்கும் உரிமை அவருக்குத்தான் என்பதைத்தான் அந்த இறக்கம் சேர்த்துச் சொல்கிறது.

இன்னும் சுவையான விஷயம், இந்த 'ஆ' நகரக்கூடியது. "முருகன் நேத்து மதுரைக்குப் போனானா?" என்றால் போனதுதான் சந்தேகம். "முருகன் நேத்தா மதுரைக்குப் போனான்?" என்றால் போனது தெரியும், நாள்தான் சந்தேகம். "முருகன் நேத்து மதுரைக்கா போனான்?" என்றால் ஊர் சந்தேகம். "முருகனா நேத்து மதுரைக்குப் போனான்?" என்றால் ஆளே சந்தேகம். 'ஆ' எங்கே போகிறதோ அங்கே குரலின் எழுச்சியும் போகிறது. அதற்குப் பின் வரும் சொற்கள் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலேயர் இதே நான்கு கேள்விகளையும் சொல் வரிசையை மாற்றாமல், அந்தந்தச் சொல்லில் குரலை அழுத்தியே கேட்டுவிடுவார். அவர் குரலில் செய்வதை நாம் பெரும்பாலும் இடைச்சொல்லில் செய்கிறோம்.

யார், எங்கே, எப்போ என்று வினாச் சொல்லே இருக்கும் வாக்கியத்தில் இரு மொழிகளிலுமே கடைசி ஏற்றம் அவசியமில்லை. "எங்க போற" என்பதைச் சும்மா கேட்டால் குரல் 'எங்க'விலேயே உச்சம் தொட்டு இறங்கிவிடும். கடைசியிலும் ஏற்றி "எங்க போற?" என்று கேட்டால் அதில் ஏதோ கூடுதலாக ஏறிக்கொள்கிறது. குழந்தையிடம் கொஞ்சலாகவோ, சொன்ன பதில் காதில் விழாமல் மறுபடி கேட்பதாகவோ, 'இந்த நேரத்தில் எங்கே?' என்ற வியப்பாகவோ இருக்கலாம்.

அதற்காகத் தமிழில் வெறும் ஏற்றத்தால் கேள்வி வராது என்றில்லை. "நாளைக்கு லீவு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதையே ஏற்றி "நாளைக்கு லீவு?" என்று திருப்பிச் சொன்னால் அது நம்பமுடியாத கேள்வி. வீட்டுக்கு வந்தவரிடம் "காபி?" என்று ஏற்றிக் கேட்பதும் உண்டு. ஆனால் இவை ஓரத்து வழக்குகள். நடுவீதியில் நடப்பது 'ஆ'தான்.

பழைய இலக்கணக்காரர்கள் குரலைக் கவனிக்காமல் விடவில்லை. குரலை எடுத்துச் சொல்வது, படுத்துச் சொல்வது, நலிந்து சொல்வது என்ற வேறுபாடுகளை நன்னூல் எழுத்தியலில் குறிக்கிறது. அதே நன்னூல் வினாவை ஆறாகவும் பிரிக்கிறது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. "பாட்டுப் படிச்சாச்சா?" என்று ஆசிரியர் கேட்டால், படிக்கச் சொல்லும் ஏவல். அதையே நண்பன் கேட்டால் வெறும் அறியாமை. எழுத்தில் இரண்டும் ஒன்றே. பிரித்துக் காட்டுவது சூழலும் குரலும்.

சந்தேகம் இழுக்கும்

யாராவது தயங்கிப் பதில் சொன்னால் "என்ன இழுக்கிற?" என்று கேட்கிறோம். பேச்சுத் தமிழ் சந்தேகத்தை எவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்கிறது என்பதற்கு இந்தக் கேள்வியே போதும். உறுதியாகப் பேசும் குரல் கடைசி அசையில் இறங்கி நிற்கும். சந்தேகப்படும் குரல் இறங்காது. முழுதாக ஏறவும் செய்யாது. நடு மட்டத்தில் நீண்டு நிற்கும். பந்தலுக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்று கேட்டால், "நூறு" என்று இறக்கிச் சொல்பவர் கணக்குப் போட்டவர். "நூ…று…" என்று மட்டமாக நீட்டுபவர் இப்போதுதான் போட்டுக்கொண்டிருப்பவர். "நூறு?" என்று ஏற்றுபவர் முடிவை நம் தலையில் கட்டுகிறார்.

இங்கேயும் தமிழுக்கு இடைச்சொல் துணை உண்டு. "வருவானோ" என்பதில் ஓகாரமே ஐயத்தைச் சொல்லிவிடுகிறது. "வந்தானாம்" என்பதில் 'ஆம்' சேர்ந்து, இது நான் கண்டது அல்ல, கேட்டது என்று பொறுப்பைத் தள்ளிவைக்கிறது. சந்தேகம் ஏற்கெனவே சொல்லில் இருப்பதால், குரல் அதன் அளவைக் காட்ட மட்டும் பயன்படுகிறது. "நாளைக்கு மழையாம்" என்று சட்டென்று இறக்கினால், செய்தியை நம்பிக் குடை எடுத்து வைக்கிறார் என்று பொருள். "நாளைக்கு மழையா…ம்" என்று நீட்டினால், சொன்னவர் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை.

'இல்ல' என்று முடியும் கேள்வியில் குரல் மட்டுமே தீர்ப்புச் சொல்லும். "நேத்து பணம் கட்டிட்டீங்க, இல்ல?" என்று கடைசியில் ஏற்றினால் கேட்பவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதையே இறக்கினால் அவருக்குத் தெரியும், நம் ஒப்புதலைத்தான் கேட்கிறார். ஆங்கிலத்திலும் வாக்கியத்தின் வாலில் ஒட்டிவரும் 'இல்லையா' வகைக் கேள்விகள் இதே கணக்கில்தான் ஏறி இறங்குகின்றன.

நக்கல் எங்கே ஒளிந்திருக்கிறது

காலை பத்து மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்து வரும் மகனைப் பார்த்து அம்மா சொல்கிறார்: "வாங்க சார், எழுந்துட்டீங்களா?" சொல் ஒவ்வொன்றும் மரியாதை. ஆனால் தினமும் "வாடா" என்று கூப்பிடுபவர் இன்று "வாங்க" என்கிறார். குரலும் விருந்தாளியை வரவேற்கும் குரலாக இல்லை. 'வாங்க' நீள்கிறது, 'எழுந்துட்டீங்களா' மெதுவாக, ஒவ்வோர் அசையும் தனித்தனியாக இறங்குகிறது. வழக்கத்தை விட்டு விலகிய சொல், சொல்லோடு ஒட்டாத குரல், நிலைமைக்குப் பொருந்தாத உபசாரம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டுவதைத்தான் நாம் நக்கல் என்று கேட்கிறோம்.

அதனால் நக்கலுக்கென்று தனி ராகம் கிடையாது. இதற்கு நல்ல சான்று ஓர் ஆய்வில் கிடைத்தது. கனடாவில் ஹென்றி சியாங், மார்க் பெல் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலத்திலும், ஹாங்காங் பகுதியில் பேசப்படும் கான்டனீஸ் மொழியிலும் கிண்டல் பேச்சை அளந்து பார்த்தார்கள். ஆங்கிலத்தில் கிண்டலாகப் பேசும்போது குரலின் சராசரி உயரம் குறைந்தது. கான்டனீஸில் கூடியது. 2009இல் இந்த ஒப்பீடு வெளியானது. ஒரு மொழியின் கிண்டல் குரலை இன்னொரு மொழிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அது கிண்டலாகவே கேட்காமல் போகலாம்.

தமிழில் நக்கலுக்குக் கிடைத்திருக்கும் நல்ல கருவி முன்னே பார்த்த 'ஆம்'தான். "அவரு ஆபீசராம்" என்று இறக்கிச் சொன்னால் கேள்விப்பட்ட செய்தி. "இவரு பெரிய ஆபீசராம்!" என்று 'பெரி…ய'வை இழுத்து, 'ஆம்'மில் ஒரு வெட்டு வெட்டினால், செய்தி அப்படியே ஏளனமாகிறது. 'சொல்வது நான் அல்ல' என்ற அதே பொறுப்புத் துறப்பு, 'நான் நம்பவில்லை' என்பதற்கும் வசதியாக இருக்கிறது.

ஓகாரத்துக்கு இலக்கணம் சொல்லும் பொருள்களில் ஒழியிசை என்று ஒன்று உண்டு. "படிக்கவோ வந்தாய்?" என்றால் படிக்க வரவில்லை, விளையாட வந்தாய் என்று சொல்லாமல் விட்ட மிச்சத்தை அது உணர்த்தும். இன்றைய பேச்சில் "நீ படிக்கவா வந்த?" என்கிறோம். 'படிக்கவா'வில் குரலை உச்சத்துக்கு ஏற்றி, 'வந்த'வைக் கீழே போட்டால் அது பதிலை எதிர்பார்க்காத கேள்வி. அதே வாக்கியத்தை நிதானமான குரலில், நூலகத்துக்கு வந்த புதியவரிடம் "நீங்க படிக்கவா வந்தீங்க?" என்று கேட்டால் அது நேரான விசாரிப்பு.

நக்கல் தவறிப்போவதும் இங்கேதான். கேட்பவருக்குப் பேசுபவரின் வழக்கமான குரல் தெரிந்திருந்தால்தான் விலகல் தெரியும். வீட்டுக்குள் ஒருவர் சும்மா "நல்லா இருக்கு" என்று இறக்கிச் சொன்னாலே எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். புதிதாக வந்த மருமகள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி பரிமாறுவார்.

மரியாதை 'ங்க'வில் மட்டும் இல்லை

தமிழில் பணிவுக்கு 'ங்க' இருக்கிறது, 'கொஞ்சம்' இருக்கிறது, "உக்காருங்களேன்" என்று மென்மையாக்கும் முடிவு இருக்கிறது. ஆனால் அலுவலக மேசைக்கு அப்பாலிருந்து ஒருவர் "உக்காருங்க" என்று கடைசி அசையைச் சட்டென்று வெட்டி இறக்கினால், 'ங்க' இருந்தும் அது உத்தரவுதான். அதே சொல்லில் 'ங்க'வைச் சற்றே நீட்டி, இறங்கவிடாமல் லேசாகத் தூக்கி நிறுத்தினால் உபசாரம். சொல்லும் குரலும் முரண்படும்போது பெரும்பாலும் நாம் குரலைத்தான் நம்புகிறோம். வாயில் வந்த சொல் கற்றுக்கொடுக்கப்பட்டது, குரல்தான் மனசு என்று தீர்மானித்துவிடுகிறோம்.

இந்தத் தீர்மானம் சில நேரம் தப்பு. பணிவுக்கு எல்லோரும் குரலை உயர்த்துவார்கள் என்று ஒஹாலாவின் கருத்தை வைத்து நாம் ஊகிக்கலாம். ஜப்பானில் கடைப் பணியாளர்கள், குறிப்பாகப் பெண்கள், வாடிக்கையாளரிடம் குரலை ஏற்றிப் பேசுவது அதற்குப் பொருந்தும். கொரியாவில் பார்த்தால் கதை மாறுகிறது. போடோ விண்டர், ஸ்வென் கிராவுண்டர் என்ற ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கொரியர்கள் மேலோரிடம் மரியாதையாகப் பேசும்போது, நண்பரிடம் பேசுவதைவிடக் குரலைத் தாழ்த்தினார்கள். ஆண்களும் அப்படியே, பெண்களும் அப்படியே. மரியாதை என்றால் அங்கே அடக்கம். ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதும் அதன் பகுதி.

இரண்டு வகையும் நம்மிடம் உண்டு. பெரியவர் முன்னால் குரலை அடக்கிப் பேசுவதும் மரியாதை. விருந்தாளியை "வாங்க வாங்க!" என்று குரலை எழுப்பி அழைப்பதும் மரியாதை. பெரியவரிடம் விருந்தாளிக் குரலில் பேசினால் அதிகப்பிரசங்கி. விருந்தாளியிடம் அடங்கிய குரலில் "வாங்க" என்றால் வரவேற்பில்லை. யாரிடம், எப்போது என்பதைப் பொறுத்தே ராகத்துக்குப் பொருள் அமைகிறது.

கண்ணால் பார்க்க ஒரு வழி

இதையெல்லாம் காதால் மட்டும் பிடிப்பது கடினம். தன் பேச்சின் ராகம் தனக்கே தெரிவதில்லை. அந்த உணவகப் பெண்களுக்கும் முதலில் தெரியவில்லைதானே. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மா, டேவிட் வேனிங்க் உருவாக்கிய Praat என்ற இலவச மென்பொருள் குரலை வரைபடமாகக் காட்டும். கைப்பேசியில் பதிந்து wav கோப்பாகக் கணினிக்கு மாற்றி, அதில் திறந்து, View & Edit அழுத்தினால், குரலின் உயரம் நீலக் கோடாக ஓடும்.

எந்த வாக்கியத்தைப் பதிவது என்பதில் கவனம் வேண்டும். ட்ட, ச்ச, ப்ப போன்ற வல்லின ஒலிகளில் குரல்மடிப்புகள் அதிர்வதில்லை. அந்த இடத்தில் கோடு அறுந்துவிடும். உயிர், மெல்லினம், இடையினம் நிறைந்த வாக்கியம் நல்லது. "மாமா வருவாரு" என்று ஒரு முறை. "மாமா வருவாரா" என்று ஒரு முறை. "மாமா வருவாரு?" என்று நம்பாமல் திருப்பிக் கேட்பதாக ஒரு முறை. "மாமா வருவாராம்" என்று செய்தியாகவும், பிறகு ஏளனமாகவும். ஐந்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

செய்தி வாக்கியத்தில் 'மாமா' தாழ்வில் தொடங்கி ஒரு சிறு மேடு ஏறும். 'வருவாரு' அங்கிருந்து சரியும். தமிழின் பேச்சு இசையை ஆராய்ந்த எலினோர் கீன் போன்றோர் காட்டிய பொது வடிவமும் இதுதான். ஒவ்வொரு சொற்கூட்டமும் கீழிருந்து மேலே ஏறும், கடைசிக் கூட்டம் மட்டும் இறங்கி வாக்கியத்தை மூடும். 'ஆ' சேர்ந்த கேள்வியில் அந்தக் கடைசி உயிரெழுத்தில் மேடு எழுவதைப் பொதுவாகக் காணலாம். 'ஆ' இல்லாமல் திருப்பிக் கேட்டதில் அந்த மேடு இன்னும் செங்குத்தாக இருக்கக்கூடும். சொல்லில் உதவி இல்லாததால் குரல் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டியிருக்கிறது. ஏளன வாக்கியத்தில் உயரத்தைவிட நீளத்தைப் பாருங்கள். அதே அசைகள் செய்தியில் எடுத்த நேரத்தைவிடக் கூடுதலாக எடுத்திருக்கும்.

கோடு திடீரென்று சரிபாதி உயரத்துக்கு விழுந்தாலோ, இருமடங்கு தாவினாலோ அதை நம்ப வேண்டாம். அது மென்பொருளின் கணக்குப் பிழை. ஆண் குரலுக்கு 75 முதல் 300 வரை, பெண் குரலுக்கு 100 முதல் 500 வரை என்று எல்லை வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாக்கியம் முடியும்போது குரல் கரகரத்து அடங்கினால் அங்கேயும் கோடு மறையும். மறைந்தால், இறக்கம் அந்த அளவுக்குப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. 'இதைச் சொல்லுங்கள்' என்று பதிவு செய்யும்போது எல்லோரும் கொஞ்சம் நடிக்கிறார்கள். நடிப்பில் நக்கல் பெரிதாகிவிடும். நிஜ நக்கல் பல நேரம் கோட்டில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும்.

வேறு மொழியில் பேசும்போது

தமிழரின் ஆங்கிலத்தில் சிக்கல் எங்கே வரும் என்பதை இப்போது ஊகிக்கலாம். தமிழில் 'ஆ' செய்த வேலைக்கு ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் கேள்வியில் ஆளில்லை. வரவேற்பு மேசையிலோ தொலைபேசியிலோ "நேம்", "போன் நம்பர்", "காபி" என்று இறக்கிக் கேட்டால், ஆங்கிலம் தாய்மொழியான சிலருக்கு அது அதட்டலாகப் படும். இரண்டு வழிகள் உண்டு. கடைசி அசையை ஏற்றுவது ஒன்று. அது பழக்கமில்லாதவர்கள், ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு முழுக் கேள்வியாகக் கேட்பது இன்னொன்று. முழு வாக்கியத்தில் சொல் வரிசையே கேள்வியைச் சொல்லிவிடுவதால் ராகத்தின் மேல் விழும் சுமை குறைகிறது. 'எங்கே', 'எப்போது' வகைக் கேள்விகளைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவை அங்கேயும் இறங்கித்தான் முடிகின்றன.

எழுத்துக்கு வந்தால் ராகமே இல்லை. கைப்பேசியில் வரும் "சரி" என்ற ஒற்றைச் சொல் சம்மதமா, சலிப்பா, கோபமா என்று தெரியாமல் எத்தனையோ பேர் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். அந்த இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். "சரிங்க", "சரிப்பா", "சரிம்மா", "சரிதான்" என்று ஏதாவது ஒன்றை ஒட்டுகிறோம். "அப்படியாஆஆ" என்று உயிரை நீட்டி எழுதுகிறோம். இதற்காக யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. குரல் இல்லாத இடத்தில் அதன் வேலையைத் தமிழ் தன் இடைச்சொற்களிடமே மறுபடி ஒப்படைக்கிறது.

நேரில் பேசும்போது ஒருவரின் குரல் உறுத்தினால், முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இவர் எல்லோரிடமும் இப்படித்தான் முடிக்கிறாரா? எல்லா வாக்கியமும் அதே மாதிரி இறங்கினால், அது அவர் ஊரின் பேச்சு. மற்றவரிடம் ஏறி, உங்களிடம் மட்டும் இறங்கினால், அப்போது கோபப்படலாம்.